மூன்று விசில் கணக்கு வெம்பிளியில் ஏன் பலிக்கிறதில்லை: கொள்ளும் கௌபியும்

எங்கட அம்மாவிடம் சமையல் குறிப்புக் கேட்டால் பதில் எப்பவும் இரண்டு வரியில் முடிந்துவிடும். "கொள்ளை இரவே ஊறப்போடு. காலமை குக்கரில மூண்டு விசில் விடு." அளவும் இல்லை, நேரமும் இல்லை. யாழ்ப்பாணத்துக் குசினியில் அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கும். வெம்பிளியில், மின்சார அடுப்பில், ஈலிங் றோட்டில் வாங்கின பாக்கெட்டை வைத்துக்கொண்டு மூன்று விசில் விட்டால், கொள்ளு வெளியே மெதுவாகவும் உள்ளே சுண்ணாம்பு மாதிரியும் நிற்கும். பிள்ளை ஒரு வாய் கடித்துவிட்டு, "மண் வாசம் அடிக்குது" என்று தட்டைத் தள்ளிவைக்கும். அதோடு அந்த வீட்டில் கொள்ளின் கதை முடிந்துவிடும்.

இங்கே வளர்ந்த என்னைப் போன்ற பல அம்மா அப்பாமாரிடம் இதே கதையைக் கேட்டிருக்கிறேன். குறிப்பில் பிழை இல்லை. அந்தக் குறிப்புக்குப் பின்னால் இருந்த மூன்று விஷயங்கள் இங்கே மாறிவிட்டன: பயறு, தண்ணீர், குக்கர். அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டால், கொள்ளும் கௌபியும் கிழமை நாளில் செய்யக்கூடிய சாப்பாடுதான்.

முதலில் பாக்கெட்டைப் பாருங்கள்

வெம்பிளிக் கடைகளில் குஜராத்திப் பெயர்தான் அதிகம். கொள்ளு அங்கே 'குல்தி' அல்லது 'கல்தி'. ஆங்கிலத்தில் ஹார்ஸ் கிராம். தட்டையாக, மண்ணிறத்தில், நகத்தை விடச் சின்னதாக இருக்கும்.

கௌபி கொஞ்சம் குழப்பம். நாங்கள் கௌபி என்பதைத்தான் தமிழ்நாட்டில் தட்டைப்பயறு, காராமணி என்கிறார்கள். வெள்ளையில் கறுப்புக் கண் வைத்த பிளாக் ஐ பீன்ஸும் இதே குடும்பம், இதே பயறு. ஆனால் தவிட்டு நிறக் கௌபிதான் எங்கட வீடுகளில் காலைச் சாப்பாட்டுக்கு அவிக்கிறது. அதை வாங்கப் போய் 'ரெட் சோரி' என்ற பாக்கெட்டை எடுத்தால், பக்கத்தில் 'அட்சுகி' என்றும் போட்டிருக்கா என்று பாருங்கள். அப்படியென்றால் அது வேறு பயறு. கௌபிக்கு நடுவில் கண் மாதிரி ஒரு வட்டப் புள்ளி இருக்கும். அட்சுகிக்கு ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று நீளமாக ஓடும்.

பயறு எவ்வளவு பழசு என்பதும் முக்கியம். பயறு பழுதாகாது என்று நினைத்து நாங்கள் ஒரு வருஷம், இரண்டு வருஷம் அலுமாரியில் வைத்திருப்போம். சூடும் ஈரமும் உள்ள இடத்தில் நாள்பட இருந்த பயறு எவ்வளவு அவித்தாலும் முழுசாக மெதுவாகாது. அடுப்புக்கு மேலே உள்ள அலுமாரி இதற்கு மிக மோசமான இடம். சின்னப் பாக்கெட் வாங்கி, ஆறு மாதத்துக்குள் முடிப்பது நல்லது.

கொள்ளில் சின்னக் கல்லும் மண்ணாங்கட்டியும் கலந்து வரும். நிறம் ஒன்று என்பதால் சட்டென்று தெரியாது. வெள்ளைத் தட்டில் ஒரு கைப்பிடியாகப் பரப்பிப் பொறுக்குங்கள். பிறகு தண்ணி தெளியும் வரை நான்கைந்து தரம் கழுவுங்கள். பிள்ளைகள் சொல்லும் மண் வாசத்தில் ஒரு பங்கு உண்மையிலேயே மண்தான்.

தண்ணீர்: கெட்டிலின் அடியில் இருக்கிற வெள்ளை

லண்டன் தண்ணீர் கடினத் தண்ணீர். கெட்டிலின் அடியில் படிகிற வெள்ளைப் பொருக்கு அதற்குச் சாட்சி. அந்தத் தண்ணீரில் உள்ள கல்சியம், பயறின் கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். அதனால்தான் ஊரில் கிணற்றுத் தண்ணீர் மெல்லியதாக இருந்த வீட்டில் வெந்தது, இங்கே அதே நேரத்தில் வேகாமல் நிற்கிறது.

இதைச் சொல்லிக் கேட்பதை விடச் செய்து பார்ப்போம் என்று, ஒரே பாக்கெட் கொள்ளை நூறு கிராமாக மூன்று கிண்ணத்தில் போட்டேன். ஒன்றில் குழாய்த் தண்ணி. இரண்டாவதில் கெட்டிலில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேலே உள்ளதை ஊற்றின தண்ணி. மூன்றாவதில் குழாய்த் தண்ணியோடு ஒரு சிட்டிகை அப்பச்சோடா. மூன்றையும் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, கழுவி, ஊறின வகைத் தண்ணியிலேயே, ஒவ்வொன்றாக, சரியாக இருபது நிமிடம் குக்கரில் வைத்தேன். சோடா ஊறலுக்கு மட்டும்தான். அதை அவிக்கக் குழாய்த் தண்ணி.

முதல் கிண்ணக் கொள்ளு விரலால் அமத்தினால் நசுங்கியது, ஆனால் நடுவில் வெளிறின ஒரு பொட்டு நின்றது. இரண்டாவது ஒரே சீராக நசுங்கியது. மூன்றாவது தோல் பிளந்து, கொஞ்சம் கூடுதல் கறுப்பாக, கரண்டியால் மசிக்கக்கூடிய அளவுக்கு வந்தது. ஒரு வீட்டுக் குசினிச் சோதனைதான் இது. ஆனாலும் அதற்குப் பிறகு நான் கொள்ளுக்கு எப்பவும் கொதித்து ஆறின தண்ணியே பாவிக்கிறேன். வடிகட்டிக் குடத்துத் தண்ணியும் சரிதான்.

அப்பச்சோடா வேண்டுமென்றால் 250 கிராம் பயறுக்கு, ஊறுகிற தண்ணியில் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். ஊறினதும் அந்தத் தண்ணியை ஊற்றிக் கழுவிவிடுங்கள். கூடினால் சவர்க்கார ருசி வரும், தோல் வழுவழுக்கும், பி விற்றமின் ஒன்றும் குறையும். கௌபிக்கு சோடா தேவையே இல்லை.

உப்பைப் பற்றி ஒரு பழைய பயம் உண்டு: "உப்புப் போட்டால் பயறு அவியாது." அது சரியில்லை. ஊறுகிற தண்ணியில் லிற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டால் தோல் இன்னும் மெதுவாகத்தான் ஆகும். அவியவிடாமல் தடுப்பது புளிதான். பழப்புளி, தக்காளி, தேசிக்காய் எதுவும் பயறு முழுசாக அவிந்த பிறகுதான் சேர வேண்டும்.

ஊறப்போடுவது: மணிக்கூட்டைப் பார்க்காமல் பயறைப் பாருங்கள்

"இரவே ஊறப்போடு" என்பது முப்பது பாகை வெக்கை உள்ள ஊரில் சொன்னது. மாசி மாதத்தில் இங்கே குசினி இரவில் பதினைந்து பாகைக்கு இறங்கிவிடும். அந்தக் குளிரில் எட்டு மணி நேரம் கொள்ளுக்குப் போதாது. கை பொறுக்கிற சூட்டில் தண்ணி ஊற்றி, மூடி, பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள். காலையில் வேலைக்குப் போகும்போது ஊறப்போட்டால் இரவுச் சமையலுக்குச் சரியாக வரும்.

ஊறினதா என்று பார்ப்பது லேசு. நிறை ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கும். ஒரு கொள்ளை நகத்தால் பிளந்தால் உள்ளே நடுவரை ஒரே நிறமாக இருக்க வேண்டும். தோல் சுருங்கி, உள்ளே இன்னும் காய்ந்திருந்தால் இரண்டு மணி நேரம் கூட வேண்டும். ஊதாமல் கல்லு மாதிரியே கிடக்கிறவற்றைப் பொறுக்கி எறியுங்கள். அவை குக்கரிலும் மாறாது, பல்லில்தான் மாட்டும்.

கௌபிக்கு ஆறு மணி நேரம் காணும். மறந்துபோனால் குறுக்கு வழி உண்டு: இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். கொள்ளுக்கு இந்த வழி சரிவராது. அதன் தோல் தடிப்பு.

ஊறின தண்ணியை இரண்டுக்குமே ஊற்றிவிடுங்கள். தோலின் துவர்ப்பும், மிச்ச மண்ணும், வயிற்றில் வாயு உண்டாக்குகிற சர்க்கரை வகையில் ஒரு பகுதியும் அதோடு போய்விடும். நுரைத்து, புளிச்ச மணம் வந்தால் அது ஊறல் கூடினதற்கு அடையாளம். வெயில் நாளில் பன்னிரண்டு மணிக்கு மேல் விடுவதென்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

குக்கர்: விசிலை எண்ணாதீர்கள், நிமிடத்தை எண்ணுங்கள்

விசில் என்பது நேரக் கணக்கு இல்லை. உள்ளே அமுக்கம் கூடினால் பாரம் மேலே எழும்பி ஆவியை விடுகிறது, அவ்வளவுதான். தீ கூடினால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு விசில் வரும், குறைத்தால் பத்து நிமிடத்துக்கும் வராது. குக்கர் பெரிசென்றால் கணக்கே வேறு. இங்கே விற்கிற பல குக்கர்கள் விசிலே அடிக்காது. அதனால் 'மூன்று விசில்' என்பது ஒரு வீட்டுக் குக்கர், ஒரு வீட்டு அடுப்பு இரண்டுக்கும் மட்டும் பொருந்துகிற கணக்கு.

நிமிடக் கணக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தும். அமுக்கம் முழுசாக ஏறினதிலிருந்து எண்ணுங்கள். விசில் குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அந்த நேரத்திலிருந்து எண்ணுங்கள்.

நன்றாக ஊறின கொள்ளுக்கு 25 நிமிடம். பிறகு அடுப்பை அணைத்து, தானாக அமுக்கம் இறங்க 15 நிமிடம் விடுங்கள். தவிட்டுக் கௌபிக்கு 6 முதல் 8 நிமிடம். பிளாக் ஐ பீன்ஸுக்கு 3 முதல் 5 நிமிடம். சுண்டலுக்குக் குறைந்த நேரம், கறிக்குக் கூடின நேரம். மின்சார மல்டி குக்கரில் அமுக்கம் கொஞ்சம் குறைவு என்பதால் கொள்ளுக்கு 35 முதல் 40, கௌபிக்கு 10 என்று வையுங்கள். முதல் தரம் உங்கள் குக்கரில் வந்த நேரத்தை எழுதிவைத்தால் அடுத்த தரத்துக்கு அதுதான் உங்கள் கணக்கு.

குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பவேண்டாம். பயறு நுரைத்து, தோல் எழும்பி, ஆவி வாயை அடைக்கும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். அவசரத்துக்கு அமுக்கத்தைத் திறந்துவிட்டால் மண்ணிறத் தண்ணி அலுமாரி முழுக்கச் சிந்தும், பயறின் தோலும் கழன்று போகும்.

வெந்ததா என்று பார்ப்பதற்குக் கொள்ளைக் கண்ணால் பார்க்கவேண்டாம். பருப்பு மாதிரி அது கரையாது, அவிந்த பிறகும் முழுசாகவே கிடக்கும். இரண்டு விரலுக்கு நடுவில் அமத்துங்கள். நடுவில் பொட்டு இல்லாமல் நசுங்கினால் சரி. இல்லையென்றால் கொஞ்சம் சுடுதண்ணி விட்டு இன்னும் 8 நிமிடம். கௌபி இதற்கு எதிர். அது மிஞ்சினால் தோல் தனியாக மிதந்து, பயறு களியாகும்.

அதனால் இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஒரே சட்டியில் வேண்டுமென்றால் கொள்ளை 20 நிமிடம் அவித்து, திறந்து, ஊறின கௌபியைச் சேர்த்து இன்னொரு 6 நிமிடம் வையுங்கள்.

ஸ்லோ குக்கர் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பச்சைக் கொள்ளில் லெக்டின் என்ற புரதம் உண்டு. சிவப்பணுக்களை ஒட்டவைக்கிற தன்மை உள்ளது. இரத்த ஆய்வுகூடங்களில் ஏ1 வகை இரத்தத்தைப் பிரித்தறிய இதையே பாவிக்கிறார்கள். நல்ல கொதியில் அது அழிந்துவிடும். ஸ்லோ குக்கரின் மெல்லிய சூட்டை நம்பவேண்டாம். முதலில் குக்கரில் முழுசாக அவித்துவிட்டு, பிறகு வேண்டுமானால் அதில் மாற்றுங்கள்.

அந்த மண் வாசத்தை என்ன செய்வது

முழுசாகப் போக்க முடியாது, போக்கவும் தேவையில்லை. கழுவிப் பொறுக்கி, ஊறின தண்ணியை ஊற்றினதிலேயே துவர்ப்பும் அழுக்கு மணமும் குறைந்துவிடும். மிச்சம் நிற்பது கொள்ளின் சொந்த ருசி. அதை மறைக்காமல் வேறு ருசியோடு கூட்டவேண்டும்.

இதில் கொங்குப் பக்கத்து ஆட்கள்தான் கெட்டிக்காரர். கோயம்புத்தூரிலிருந்து வந்து எங்கள் தெருவில் இருக்கிற ஒரு அக்காவிடம்தான் நான் இதைக் கற்றேன். அவர்கள் கொள்ளை ஒரு தரம் அவித்து இரண்டு சாப்பாடு எடுப்பார்கள். தண்ணி ரசத்துக்கு, பயறு கடைசலுக்கு. "ஊறுன தண்ணிய கொட்டிரு கண்ணு, வெந்த தண்ணிய ஒரு சொட்டு விடாத" என்பது அவர் சட்டம்.

நான்கு பேருக்கு 250 கிராம் கொள்ளு, ஒரு லிற்றர் கொதித்து ஆறின தண்ணி, ஒரு தேக்கரண்டி எண்ணெய். 25 நிமிடம் அவித்து, வடித்து, தண்ணியைத் தனியே வையுங்கள்.

கடைசலுக்கு, தாச்சியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, இரண்டு தேக்கரண்டி மல்லி, ஒரு தேக்கரண்டி நற்சீரகம், நான்கு செத்தல் மிளகாய், ஆறு பல்லு உள்ளி, எட்டுச் சின்ன வெண்காயம் எல்லாம் வதக்குங்கள். வெண்காயத்தின் ஓரம் சிவக்கவேண்டும். ஆறவிட்டு, அவித்த கொள்ளோடு உப்புப் போட்டு, மிக்ஸியில் கரகரப்பாக நாலைந்து சுற்று. மாவாக அரைக்கவேண்டாம், பசை மாதிரி ஒட்டும். சுடுசோற்றில் நல்லெண்ணெயோ நெய்யோ விட்டுப் பிசைந்து கொடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மிளகாயை ஒன்றாகக் குறைத்து, நெய்யைக் கூட்டலாம். மண் வாசத்தை மட்டுப்படுத்துவதில் கொழுப்புக்கும் வறுத்த நற்சீரகத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

ரசத்துக்கு, வடித்த தண்ணியில் இரண்டு மேசைக்கரண்டி கடைசலைக் கரையுங்கள். ஒரு தக்காளியைப் பிசைந்து, சின்ன நெல்லிக்காய் அளவு பழப்புளியைக் கரைத்து விடுங்கள். ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி நற்சீரகம், நான்கு பல்லு உள்ளியைத் தட்டிப் போட்டு, நுரை கட்டி எழும்பும்போது இறக்கிவிடுங்கள். கொதிக்கவிட்டால் மிளகின் மணம் போய், துவர்ப்பு முன்னுக்கு வரும். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. தடிமன் பிடித்த நாளில் கோப்பையில் ஊற்றிக் குடிக்கிற ரசம் இது.

கௌபியின் மணம் இவ்வளவு கடுமை இல்லை. அதற்கு எங்கட ஊர் வழியே போதும். 250 கிராம் கௌபியை உப்புப் போட்டு 6 நிமிடம் அவித்து, தண்ணியை வடித்து, ஒரு நிமிடம் திறந்த சட்டியில் ஈரம் போக விடுங்கள். கடுகு, செத்தல் மிளகாய், வெண்காயம், கறிவேப்பிலை தாளித்து, கௌபியைப் போட்டுப் பிரட்டி, கடைசியில் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ. உறைந்த தேங்காய்ப்பூவென்றால் முதலில் நன்றாக இளகவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணி விட்டுச் சொதசொதக்கும். உறைப்பு வேண்டாம் என்கிற பிள்ளைக்குத் தாளிதத்தை விட்டுவிட்டு, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்துக் கொடுங்கள்.

பழக்கமில்லாத வயிற்றுக்கு இரண்டுமே முதலில் இரண்டு மேசைக்கரண்டி போதும். கிழமைக்கு ஒரு தரம் கொடுத்து மெல்லக் கூட்டுங்கள்.

ஒரு தரம் அவித்தால்

கொள்ளுக்குச் செலவாகிற நேரம் அவியலில்தான். அதனால் நான் அரைக் கிலோ அவித்து, பாதியை அவித்த தண்ணியோடே பெட்டியில் போட்டு ஃபிரீசரில் வைக்கிறேன். தண்ணியில்லாமல் வைத்தால் காய்ந்து தோல் தடிக்கும். மூன்று மாதம் தாராளமாக இருக்கும். ஃபிரிட்ஜில் என்றால் அவித்ததை விரைவாக ஆறவைத்து, இரண்டு நாளைக்குள் முடித்துவிடுங்கள்.

பெட்டியின் மூடியில் திகதியோடு இன்னும் மூன்று விஷயம் எழுதிவையுங்கள்: எத்தனை மணி நேரம் ஊறியது, எந்தத் தண்ணி, எத்தனை நிமிடம். அடுத்த தடவை அம்மா ஃபோனில் "மூண்டு விசில்" என்று சொன்னால், "எந்தக் குக்கரில, எவ்வளவு தீயில?" என்று கேளுங்கள். அம்மா கொஞ்சம் யோசிப்பார். அப்படிக் கேட்டு எழுதின கணக்கை நாளைக்கு எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் பிள்ளையும் பாவிக்கலாம்.